பேசிய விலை தராத கொம்பனியுடன் பயிர் ஒப்பந்தத்தை முடிப்பது எப்படி?

கொழும்பிலுள்ள பதனிடும் கொம்பனி ஒன்றுடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்து, விளைச்சலை ஒழுங்காக அனுப்பியும், பேசிய விலைக்குக் குறைவாகவே காசு வாங்கிக்கொண்டிருக்கும் கமக்காரர் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது வெள்ளவத்தையில். வவுனியாவில் பப்பாசி செய்யும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் கடிதம், கணக்கு, கொழும்பு அலைச்சல் எல்லாம் என் தலையில்தான் விழுந்தது. கொம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை. எந்தக் கொம்பனியானாலும் வழி இதுதான்.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். கோபத்தில் முதல் வேலையாக லொறியை நிறுத்திவிடாதீர்கள். பொருட்களைத் தவணை தவணையாக ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் ஒரு தவணைக்கான காசு குறைந்தால், அது முழு ஒப்பந்தத்தையும் முறிக்கும் அளவுக்குப் பெரிய மீறலா, அந்தக் காசை மட்டும் கேட்கக்கூடிய சிறிய மீறலா என்பதை ஒப்பந்தத்தின் வாசகத்தையும் நடந்ததையும் வைத்தே தீர்மானிப்பார்கள். 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் சொல்வது அதைத்தான். அறிவித்தல் கொடுக்காமல் நிறுத்தினால், குறைத்துக் கொடுத்த கொம்பனி நல்ல பிள்ளையாகிவிடும், ஒப்பந்தத்தை மீறியவர்கள் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

## 1. ஒப்பந்தத்தில் இந்த இடங்களை முதலில் பாருங்கள்

ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். முழுவதையும் மொழிபெயர்க்கக் காசு செலவழிக்க வேண்டாம். விலை, முடிவுறுத்தல், வேறு ஆளுக்கு விற்கத் தடை, பிணக்குத் தீர்வு ஆகிய நான்கு பிரிவுகளையும் கடைசியிலுள்ள அட்டவணையையும் மட்டும் தமிழில் எழுதுவித்து, உறுப்பினர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நீதிமன்றம்வரை போகும் நிலை வந்தால் மட்டும் புதுக்கடைப் பக்கம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போனால் போதும். அவர்கள் பக்கக் கணக்கில் காசு வாங்குவார்கள்.

விலைப் பிரிவில் நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு வசனத்தை: 'சந்தை நிலவரத்துக்கேற்ப விலை மீளாய்வு செய்யப்படலாம்'. அப்படி இருந்தால், மீளாய்வைச் செய்வது யார் என்று பாருங்கள். இரு தரப்பும் எழுத்தில் இணங்க வேண்டும் என்றிருந்தால் கொம்பனி தானாகக் குறைத்தது செல்லாது. கொம்பனி மட்டும் தீர்மானிக்கலாம் என்றிருந்தால், அவர்கள் மீறவில்லை என்று வாதிட இடமுண்டு. அப்போது மீறலைக் காரணம் காட்டாமல், முன்னறிவித்தல் கொடுத்து எவரும் விலகலாம் என்ற பிரிவு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

திகதியையும் பாருங்கள். பல குழுக்களில் ஒப்பந்தம் எப்போதோ காலாவதியாகியிருக்கும், ஆனால் அதே விலை, அதே லொறி என்று வாய்ப்பேச்சில் வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கும். இது ஆபத்து. காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தத்தின் மீது வழக்குப் போட 6 வருடம் இருக்கிறது. எழுத்தில்லாமல் விற்று ஒப்படைத்த பொருளின் காசுக்கு 1 வருடம்தான். 'பேசித் தீர்ப்போம், பேசித் தீர்ப்போம்' என்று கொம்பனி இழுத்தடிக்கும்போது இதை மனதில் வைத்திருங்கள்.

கடைசியாக, கையெழுத்து வைத்தது யார்? கூட்டுறவுச் சங்கமாகப் பதிவாகியிருந்தால் சங்கமே தன் பெயரில் அறிவித்தல் கொடுக்கலாம், வழக்கும் போடலாம். பதிவில்லாத குழு என்றால் குழுவின் பெயரில் வழக்கு நிற்காது. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போக வேண்டும், அல்லது எல்லோருக்குமாக ஒருவர் வழக்காட நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். உறுப்பினர்கள் தனித்தனியாகக் கையெழுத்து வைத்திருந்தால் முடிவுறுத்தும் கடிதத்திலும் அத்தனை பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது.

## 2. விலைக் குறைவைத் தனியாகக் கணக்கிடுங்கள்

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கப் போகிறது.

கமக்காரர்களிடம் கேட்டால் குறை ஒன்றல்ல, மூன்று நான்கு வரும். விலையைக் குறைத்தார்கள், நிறையைக் குறைத்தார்கள், நல்ல பழத்தை இரண்டாம் தரத்தில் போட்டார்கள், கழிவு என்று தள்ளினார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு தொகை கேட்டால், கொம்பனி தரத்தைப் பற்றி மட்டும் பேசி உங்களை இழுத்துக்கொண்டே போகும். பழம் எப்போதோ கூழாகிப் போத்தலுக்குள் போயிருக்கும், அது எந்தத் தரம் என்று இனி எவராலும் காட்ட முடியாது. விலைக் குறைவு அப்படியல்ல. நிறையும் தரமும் அவர்களே எழுதியவை, விலை ஒப்பந்தத்தில் இருக்கிறது. பெருக்கினால் விடை வரும்.

எங்கள் லொறி ஒன்றின் கணக்கு இது. ஒப்பந்த விலை முதல் தரம் கிலோ 90 ரூபாய், இரண்டாம் தரம் 60 ரூபாய். தோட்டத்தில் நிறுத்தபோது 1,250 கிலோ. தொழிற்சாலையின் பொருள் ஏற்புச் சீட்டில் 1,210 கிலோ: முதல் தரம் 800, இரண்டாம் தரம் 330, கழிவு 80. அவர்களுடைய சீட்டையே ஏற்றுக்கொண்டாலும் வர வேண்டியது 72,000 உம் 19,800 உம் சேர்ந்து 91,800 ரூபாய். அவர்கள் முதல் தரத்துக்கு 75, இரண்டாம் தரத்துக்கு 50 என்று போட்டு 76,500 ரூபாய்தான் கொடுத்தார்கள். அந்த ஒரு லொறியில் குறைவு 15,300 ரூபாய்.

காணாமல் போன 40 கிலோவும் கழிவான 80 கிலோவும் இந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றை வேறொரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சமரசம் பேசும்போது உதவும். மீறல் அறிவித்தலில் அவை வேண்டாம். எங்கள் சங்கத்தில் பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. 'அப்ப எங்கட நாப்பது கிலோவ சும்மா விடுறதோ தம்பி?' என்று கேட்டார்கள். விடவில்லை ஐயா, வரிசையில் பின்னால் வைக்கிறோம் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு லொறிக்கும் ஒரு வரி. திகதி, லொறி இலக்கம், ஏற்புச் சீட்டு இலக்கம், தரவாரியாகக் கிலோ, ஒப்பந்த விலை, கொடுத்த விலை, வித்தியாசம், காசு வந்த திகதி. ஏற்புச் சீட்டு தொலைந்திருந்தால் கொம்பனியின் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி நகல் கேளுங்கள். எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை, கணக்குச் சரிபார்க்க என்றால் போதும். அறிவித்தல் போன பிறகு கேட்டால் ஒன்றும் கிடைக்காது, அதனால் இதை முதலில் செய்துவிடுங்கள். விலை குறைத்த செய்தி வட்ஸ்அப்பில் வந்திருந்தால் படம் பிடித்து வைப்பதோடு நிற்காமல், அந்தப் போனையும் அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணுச் செய்திகளையும் சான்றாக ஏற்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

## 3. வவுச்சரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்து வையுங்கள்

காசோலை வாங்கப் போகும்போது கவுண்டரில் ஒரு வவுச்சரை நீட்டுவார்கள். தொகை பெரிய எழுத்திலும், அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி சின்ன எழுத்திலும் இருக்கும்: இந்தக் கொடுப்பனவை முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் லொறிச் சாரதிதான் பல தடவை அதில் கையெழுத்து வைத்திருந்தார். அவர் ஆங்கிலமும் வாசிக்கமாட்டார், சங்கத்தின் உறுப்பினரும் அல்ல.

இனி வரும் வவுச்சர்களில் கையெழுத்துக்கு மேல் பேனாவால் இப்படி எழுதுங்கள்: 'ஒப்பந்த விலைக்குக் குறைவாக உள்ள தொகையைக் கோரும் உரிமைக்கு உட்பட்டு, பகுதிக் கொடுப்பனவாகப் பெறப்பட்டது.' எழுத விடமாட்டோம், எழுதினால் செக் தரமாட்டோம் என்று சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம். வாங்கிக்கொண்டு, அன்றைக்கே அதே வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பழைய வவுச்சர்களில் அந்த வரி இருந்தாலும் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கத் தேவையில்லை. கையெழுத்து வைத்தவருக்குச் சங்கத்தை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் இருந்ததா என்பதே அங்கே கேள்வி. சட்டத்தரணியிடம் அந்த வவுச்சர்களை மறைக்காமல் காட்டுங்கள்.

## 4. சங்கத்தின் தீர்மானம்

பொதுக்கூட்டம் கூட்டி, கூட்டக் குறிப்பில் மூன்று விஷயங்கள் எழுதப்பட வேண்டும்: மீறல் அறிவித்தல் கொடுப்பது, குறித்த காலத்தில் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தத்தை முடிப்பது, கையெழுத்து வைக்க இன்னார் இன்னாருக்கு அதிகாரம் கொடுப்பது. வருகைக் கையெழுத்தும் வேண்டும். யாப்பில் எத்தனை பேர் வர வேண்டும் என்று இருக்கிறதோ அத்தனை பேர் வந்திருக்க வேண்டும்.

கொம்பனி இரண்டு மூன்று பெரிய தோட்டக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டு, 'உங்களுக்கு மட்டும் பழைய விலை' என்று பேசுவது வழக்கமாக நடப்பதுதான். தீர்மானம் எழுத்தில் இல்லாத சங்கம் அந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

## 5. மீறல் அறிவித்தல்

இது முடிவுறுத்தும் கடிதமல்ல, அதற்கு முன்னால் போவது. எந்தப் பிரிவு மீறப்பட்டது, எவ்வளவு குறைவு, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன என்பவை மட்டும் அதில் இருந்தால் போதும். ஒப்பந்தம் எந்த மொழியிலோ அதே மொழியில் அனுப்புங்கள். வாசகம் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

'ஒப்பந்தத்தின் விலைப் பிரிவின்படி செலுத்த வேண்டிய தொகைக்கும் செலுத்திய தொகைக்கும் இடையிலான வித்தியாசம் இணைப்பிலுள்ள அட்டவணையின்படி 211,000 ரூபாய். இதைச் செலுத்துவதுடன், இனிவரும் ஒப்படைப்புகளுக்கும் ஒப்பந்த விலையையே செலுத்துவீர்கள் என்பதை, இக்கடிதம் கிடைத்த 21 நாட்களுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்துமாறு கோருகிறோம். தவறினால் முடிவுறுத்தல் பிரிவின் கீழ் ஒப்பந்தத்தை முடிவுறுத்துவோம்.'

21 நாள் எங்கள் ஒப்பந்தத்திலிருந்த கணக்கு, உங்களுடையதைப் பார்த்துப் போடுங்கள். இரண்டாவது வசனத்தை விட்டுவிடாதீர்கள். பழைய பாக்கியை மட்டும் கேட்டால், கொம்பனி கடைசி நாளில் அதைக் கட்டி மீறலைச் சரிசெய்துவிட்டு, அடுத்த லொறிக்கு மறுபடியும் 75 ரூபாய் போடும். நீங்கள் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கே அனுப்புவது? தொழிற்சாலைக்கு அல்ல, ஒப்பந்தத்தில் அறிவித்தலுக்கென்று கொடுத்த முகவரிக்கு. அதோடு பதிவு செய்த அலுவலக முகவரிக்கும் ஒன்று. அந்த முகவரி மாறியிருக்கலாம். டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுரவிலுள்ள கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் கட்டிக் கோப்பைப் பார்க்கலாம். வாசற்பலகையில் இருக்கும் பெயரும் பதிவிலிருக்கும் பெயரும் வேறாக இருப்பது சாதாரணம். பதிவுப் பெயருக்கே எழுதுங்கள்.

பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பிரதியோடு ஒட்டி வையுங்கள். இன்னொரு பிரதியைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியோடு சீல் வாங்குங்கள். வாயிற்காவலர் 'உள்ளுக்கு ஆளில்லை' என்று திருப்பி அனுப்பினால் பரவாயில்லை, தபாலும் மின்னஞ்சலும் இருக்கின்றன.

சட்டத்தரணி மூலம் அனுப்பினால் கொழும்பில் எங்களிடம் கேட்ட கட்டணம் 5,000 முதல் 15,000 ரூபாய் வரை. என்னுடைய அபிப்பிராயம், இந்த முதல் அறிவித்தலைச் சங்கமே எழுதி, அனுப்புவதற்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டால் போதும். அவருடைய தலைப்புத் தாளில் போகும் கடிதத்தை ஏழாம் படிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## 6. அந்த நாட்களில் பழத்தை என்ன செய்வது?

பப்பாசி உங்களுக்காகக் காத்திருக்காது. தோலில் மஞ்சள் கீற்று விழுந்த காயைப் பறிக்காமல் விட்டால் சில நாளில் பறவைக்கும் வௌவாலுக்கும்தான். ஆனால் ஒப்பந்தத்தில் 'வேறெவருக்கும் விற்கக் கூடாது' என்ற பிரிவு இருந்தால், இந்த இடைக்காலத்தில் மெனிங் சந்தைக்கோ தம்புள்ளைக்கோ ஒரு பெட்டி போனாலும் கொம்பனிக்கு அது அல்வா. உங்கள் மீறலைக் காட்டி எதிர்க்கோரிக்கை வைப்பார்கள். உறுப்பினர் ஒருவர் தெரியாமல் செய்தாலும் சங்கம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே அந்த 21 நாளும் லொறி வழக்கம்போலப் போகட்டும். ஒவ்வொரு லொறியோடும் 'ஒப்பந்த விலைக்கு, உரிமைகளுக்குப் பாதிப்பின்றி' என்று எழுதிய ஒப்படைப்புச் சீட்டை அனுப்பி, வரும் குறைவையும் அட்டவணையில் சேருங்கள். கொம்பனியே பழத்தை ஏற்க மறுத்தால் நிலைமை மாறும். மறுத்ததை எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் வாசலில் லொறியோடு நேரம் தெரியப் படமெடுங்கள். அதன் பிறகு அழுகவிடாமல் வெளியே விற்று, விற்ற விலைக்கு ரசீது வைத்திருங்கள். நட்டத்தைக் குறைக்க முயன்றதற்கு அதுதான் சான்று. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் வெளியிடும் சந்தை விலைகளையும் அந்த வாரத்துக்கு எடுத்து வைத்தால், மலிவாகத் தள்ளிவிட்டீர்கள் என்று சொல்ல முடியாது.

இதே நாட்களில் அடுத்த வாங்குநருடன் பேச்சைத் தொடங்கலாம். பேசுவது மீறலல்ல. கையெழுத்து மட்டும் வேண்டாம்.

## 7. முடிவுறுத்தும் கடிதம்

காலம் முடிந்த மறுநாள் அனுப்புங்கள். கொம்பனிக்குக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும், நீங்கள் தபாலில் போட்ட நாளிலிருந்து அல்ல. ஒரு நாள் முந்தினாலும் அதையே பிடித்துக்கொள்வார்கள். மாதக்கணக்கில் தாமதித்தாலும் பிரச்சினைதான், குறைந்த விலைக்கு இணங்கிவிட்டீர்கள் என்று வாதம் வரும்.

கடிதத்தில் நீளமான குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். இன்ன திகதி அறிவித்தல் கொடுத்தோம், சரிசெய்யப்படவில்லை, இன்ன பிரிவின்படி இன்ன திகதியுடன் ஒப்பந்தம் முடிவுறுகிறது, அதுவரை சேர்ந்த பாக்கியைக் கோரும் உரிமை தொடர்கிறது. அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தில் கொம்பனியிலிருந்து போன் வரும். 'அண்ணை, வாங்கோ கதைச்சு முடிப்பம்' என்பார்கள். போங்கள், தேநீரும் குடியுங்கள். ஆனால் பேசியதை அன்றிரவே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

## 8. பசளைக் கடனும் பெட்டிகளும்

கன்று, பசளை, மருந்து எல்லாம் கொம்பனி முற்கடனாகத் தந்திருந்தால் அந்தக் கணக்கு இப்போது உங்கள் முன்னால் வரும். அதை அவர்கள் உங்கள் பாக்கியில் கழிக்கத்தான் செய்வார்கள். அதனால் முந்திக்கொண்டு, கிலோவுக்கு எவ்வளவு கழித்தார்கள் என்ற கூற்றைக் கேட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள்.

எங்களுக்கு அவர்கள் எழுதிய மீதிக் கடன் 190,000 ரூபாய். லொறிச் சீட்டுகளில் கடனுக்காகக் கழித்த தொகைகளைக் கூட்டியபோது உண்மையான மீதி 138,000 ரூபாய்தான். அப்படியானால் 211,000 இலிருந்து 138,000 போக, கையில் வர வேண்டியது 73,000 ரூபாய். அவர்களின் கணக்கை அப்படியே ஏற்றிருந்தால் 21,000 ரூபாயோடு முடிந்திருக்கும். இந்தத் தேறிய தொகையை உறுப்பினர்களுக்கு முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு லட்சம் வருகிறது என்று நம்பியிருந்தவர்களுக்குப் பிறகு விளக்குவது கஷ்டம்.

கொம்பனியின் பிளாஸ்டிக் பெட்டிகளை எண்ணி, திரும்பக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று தண்டம் போடுவது அவர்களுக்கு மிக எளிது.

## 9. காசைப் பெறுவது

பிணக்குப் பிரிவில் நடுத்தீர்ப்பு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே தரப்பினர் அமர்த்தும் நடுவர்கள் தீர்ப்புச் சொல்வது, என்று எழுதியிருந்தால், நேரே நீதிமன்றம் போக முடியாது. 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின்படி மற்றத் தரப்பு ஆட்சேபித்தால் நீதிமன்றத்துக்கு அந்த வழக்கை விசாரிக்க அதிகாரமில்லை. எத்தனை நடுத்தீர்ப்பாளர் என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் மூன்று பேர். அவர்களின் கட்டணத்தைத் தரப்பினர்தான் கொடுக்க வேண்டும். 73,000 ரூபாய்க்கு அந்த வழியில் போவது வீண். ஒரே ஒருவரை வைத்துக்கொள்ளவோ மத்தியஸ்த சபைக்குப் போகவோ கொம்பனி இணங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அவர்களுக்கும் அந்தச் செலவு கசக்கும்.

அந்தப் பிரிவு இல்லாவிட்டால், எங்களுடையது போன்ற சிறு தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போயே ஆக வேண்டும். குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்கை, சபையின் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் எடுக்காது. அந்த வரம்பு அவ்வப்போது மாற்றப்படுவதால் மாவட்ட நீதிமன்றப் பதிவகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சபையில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது, பெரும்பாலும் வார இறுதியில்தான் கூடும். கொம்பனியின் மனேஜர் கோட்டுப் போட்ட ஆளில்லாமல் தனியாக உங்கள் அட்டவணைக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பது உங்களுக்கு நல்லதுதான். இரண்டாம் தாளில் எழுதி வைத்த நிறைக் குறைவும் கழிவும் இங்கேதான் பயன்படும். அவற்றை விட்டுத்தருகிறோம், விலை வித்தியாசத்தை முழுதாகத் தாருங்கள் என்று பேரம் பேசலாம்.

இணக்கம் வராமல் வழக்கு என்று வந்தால், கொழும்பில்தான் போட வேண்டும் என்றில்லை. எதிராளி இருக்கும் இடத்தில் மட்டுமன்றி, ஒப்பந்தம் செய்த இடத்திலும் வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலும் போடலாம். எங்கள் ஒப்பந்தம் வவுனியாவில் கையெழுத்தானது. சட்டத்தரணிக்கு இதை முதலிலேயே சொல்லுங்கள், போக்குவரத்துச் செலவு மிச்சம். தனி ஆளாக வழக்காடும் வருமானம் குறைந்த கமக்காரர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் இலவச உதவி கேட்கலாம்.

இணக்கம் வந்து தவணையில் தருவதாகச் சொன்னால், எல்லாத் தவணைக்கும் பின்திகதியிட்ட காசோலைகளை அன்றே கேளுங்கள். திரும்பிய காசோலையின் மீது சுருக்க நடைமுறையில் வழக்குப் போடலாம், பழைய கதை முழுவதையும் திரும்ப நிரூபிக்கத் தேவையில்லை. 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற விடுவிப்புக் கடிதத்தைக் கடைசிக் காசோலை வங்கியில் மாறிய பிறகே கொடுங்கள். அதற்கு முன்பே கையெழுத்துக் கேட்பார்கள். மாறியதும் தருகிறோம் என்று இணக்கத்திலேயே ஒரு வரி எழுதிவைத்தால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது.